'நான் குடிகாரன் இல்ல மாப்ள' என்று சொல்லும் நண்பரிடம் எப்படிப் பேசுவது?

"நான் என்ன தினமுமா குடிக்கிறேன்?", "என் காசு, நான் குடிக்கிறேன்", "ஒரு நாளாவது வேலைக்கு லீவு போட்டிருக்கேனா?" – அளவு மீறிக் குடிக்கும் நண்பரிடம் பேச்செடுத்தவர்கள் இந்த மூன்றில் ஒன்றையாவது கேட்டிருப்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள். மூன்றாம் நாள் எதுவுமே நடக்காததுபோல டீக்கடையில் சந்தித்துக்கொள்வார்கள்.

இந்தப் பேச்சு தோற்பதற்குக் காரணம் நண்பரின் பிடிவாதம் மட்டுமல்ல. நாம் பேசும் பேச்சும் அவர் நிற்கும் இடமும் பொருந்தாததுதான் பெரும்பாலும் காரணம். "விட்டுடு", "சத்தியம் பண்ணு", "நல்ல டாக்டர் இருக்கார், வா போலாம்" என்பவையெல்லாம் குடியை விட முடிவெடுத்துவிட்ட ஒருவருக்கான பேச்சு. தனக்குப் பிரச்சினை இருக்கிறது என்றே நினைக்காதவரிடம் அதைச் சொன்னால், அவர் தன் தரப்பை நியாயப்படுத்தத்தான் செய்வார்.

ஆகவே, நண்பராக உங்கள் வேலை குடியை நிறுத்த வைப்பதல்ல. அவர் இப்போது நிற்கும் படியிலிருந்து அடுத்த படிக்கு வர உதவுவது மட்டுமே. அதற்கு முதலில் அவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரிய வேண்டும்.

ஐந்து படிகள்

அமெரிக்க உளவியலாளர்கள் ஜேம்ஸ் புரோசாஸ்காவும் கார்லோ டிக்ளமென்டியும் 1980களின் தொடக்கத்தில், சிகரெட்டை விட்டவர்கள் அதை எப்படி விட்டார்கள் என்று ஆராய்ந்தார்கள். ஒரே நாளில் மனம் மாறி யாரும் விடுவதில்லை, படிப்படியாகத்தான் நகர்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது. பின்னர் குடிநோய் சிகிச்சையிலும் இந்தப் படிகள் பயன்பாட்டுக்கு வந்தன.

முதல் படி, யோசிக்காத நிலை. அடுத்த ஆறு மாதத்துக்குள் மாற வேண்டும் என்ற எண்ணமே இவருக்கு இருக்காது. இரண்டாவது, யோசிக்கும் நிலை. 'விடணும்தான், ஆனா...' என்று இரண்டு மனதாக இருப்பார். மூன்றாவது, தயாராகும் நிலை. அடுத்த ஒரு மாதத்துக்குள் ஏதாவது செய்துவிட வேண்டும் என்று நாள் பார்ப்பார். நான்காவது, செயல்படும் நிலை. விட்டுவிட்டார், ஆனால் ஆறு மாதம் ஆகவில்லை. ஐந்தாவது, அதைத் தக்கவைக்கும் நிலை.

எந்தப் படியிலிருந்தும் கீழே சறுக்கலாம். ஒருவர் இந்தச் சுற்றைப் பல முறை சுற்றி வந்த பிறகே முழுமையாக விடுவது சகஜம். மனிதர்கள் இப்படி ஐந்து பெட்டிக்குள் அடங்க மாட்டார்கள், ஆறு மாதக் கணக்குக்குப் பெரிய ஆதாரம் இல்லை என்று இந்தக் கோட்பாட்டை விமர்சிப்பவர்களும் உண்டு. பிரிட்டிஷ் உளவியலாளர் ராபர்ட் வெஸ்ட் 2005இல், இதைக் கைவிட வேண்டும் என்றே எழுதினார். சிகிச்சையாளர்களுக்கு அந்த விவாதம் முக்கியம். நண்பருக்கோ, 'இவன்கிட்ட இன்னைக்கு என்ன பேசலாம், என்ன பேசக் கூடாது' என்று நிதானிக்க இந்தப் படிகள் போதும்.

மறுப்பிலும் நான்கு வகை

முதல் படியில் இருக்கும் எல்லோரும் ஒரே மாதிரி மறுப்பதில்லை. டிக்ளமென்டி இவர்களை நான்காகப் பிரித்தார். அந்தப் பிரிவு நம் ஊருக்கும் அப்படியே பொருந்துகிறது.

ஒருவர் தயங்குபவர். குடியால் தனக்கு என்ன ஆகிறது என்று சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் பெரிய ஆர்வம் இல்லை. இரண்டாமவர் முரண்டு பிடிப்பவர். 'எனக்கு யாரும் சொல்லக் கூடாது' என்பதுதான் அவர் பேச்சின் சாரம். இவரிடம் "முடிவு உன் கையிலதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிச் சண்டை இல்லாமல் போகும். மூன்றாமவர் நம்பிக்கை இழந்தவர். "நாலு தடவ விட்டுப் பாத்தாச்சு, இனி என்ன இருக்கு" என்பார். இவருக்குக் குடியின் தீமையை விளக்குவது வீண். முன்பு விட்டிருந்த நாட்களைப் பற்றிக் கேட்பதுதான் உதவும். நான்காமவர் நியாயம் பேசுபவர். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பார். "எங்க தாத்தா 90 வயசு வரைக்கும் குடிச்சாரு" என்பார். இவரோடு வாதத்தில் இறங்கினால் நீங்கள் தோற்பீர்கள். காரணம், அந்த வாதத்தை அவர் மனதுக்குள் நூறு முறை ஒத்திகை பார்த்திருக்கிறார்.

வாதம் செய்வது ஏன் உதவாது என்பதற்கு ஆதாரமே இருக்கிறது. 'மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங்' என்ற ஆலோசனை முறையை உருவாக்கிய வில்லியம் மில்லரும் சக ஆய்வாளர்களும் 1993இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஆலோசகர் எவ்வளவு அதிகமாக எதிர்த்து வாதாடினாரோ, அவரிடம் வந்தவர் ஓராண்டு கழித்தும் அவ்வளவு அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார் என்பது அதில் தெரிந்தது. ஒருவர் எதைத் தன் வாயால் வாதாடுகிறாரோ, அதைத்தான் அவர் மேலும் நம்ப ஆரம்பிக்கிறார். நாம் 'விடு' என்று வாதாடினால், 'விடத் தேவையில்லை' என்ற பக்கத்தை அவருக்குக் கொடுத்துவிடுகிறோம்.

ஒரு உதாரணம்: சரவணனும் பிரபுவும்

பலரது கதைகளைச் சேர்த்து உருவாக்கிய ஒரு கற்பனை உதாரணத்தைப் பார்ப்போம். சரவணனுக்கு 41 வயது. கோவையில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. தினமும் இரவு ஒரு குவார்ட்டர், சனிக்கிழமை இன்னும் கொஞ்சம் கூட. பிரபு அவருடன் பள்ளியில் படித்தவர். சரவணனின் மனைவி பிரபுவிடம், "அண்ணா, நீங்க சொன்னா கேப்பாருங்க" என்று சொல்லியிருக்கிறார்.

வழக்கமாக என்ன நடக்கும்? சனிக்கிழமை இரவு சரவணன் போதையில் இருக்கும்போதே பிரபு பேச்செடுப்பார். "மாப்ள, உன் பொண்டாட்டி அழுவுதுடா. பொண்ணு பத்தாவது படிக்கிது. இதெல்லாம் நல்லாவா இருக்கு? புள்ள மேல சத்தியம் பண்ணு." சரவணன் கண் கலங்கிச் சத்தியமும் செய்துவிடுவார். மறுநாள் அது அவருக்கு நினைவிருக்காது. நினைவிருந்தால் இன்னும் மோசம்: மனைவி தன்னைப் பற்றி வெளியில் பேசிவிட்டாள் என்ற கோபம் மட்டும்தான் மிஞ்சும்.

இதில் மூன்று பிழைகள். குடித்திருக்கும் நேரத்தில் பேசியது. மனைவியின் புகாரைத் தூது கொண்டுபோனது. முதல் படியில் நிற்பவரிடம் நான்காம் படிக்கான சத்தியத்தைக் கேட்டது.

நல்ல நேரம் காலை. பட்டறை திறக்கும் முன்பு, இருவர் மட்டும், ஒரு டீ. முன்தினத்துக் குடியால் ஏதாவது ஒரு சின்ன சங்கடம் நடந்திருந்தால் அந்தக் காலை இன்னும் நல்லது. பேச்சும், நண்பர் தன் கண்ணால் பார்த்த ஒரே ஒரு விஷயத்திலிருந்து தொடங்க வேண்டும்.

"மாப்ள, நேத்து நீ மைக்ரோமீட்டர் புடிக்கறப்ப கை நடுங்குச்சு. ரெண்டு தடவ அளவெடுத்த. பாத்ததும் எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. அதான் கேக்கறேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்லடா. தூக்கம் பத்தல."

"சரி, இருக்கலாம். தூக்கம் எப்படி வருது இப்பல்லாம்?"

பிரபு இங்கே 'பொய் சொல்லாத, குடிதான் காரணம்' என்று சொல்லவில்லை. தூக்கம் என்ற வாசலைச் சரவணனே திறந்திருக்கிறார், அதன் வழியாகத்தான் போகிறார். மது சீக்கிரம் தூங்க வைக்கும். ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு தூக்கத்தைக் கலைத்துவிடும். "மூணு மணிக்கு முழிப்பு வந்துடுதுடா" என்று சரவணன் சொல்லிவிட்டால், அன்றைக்கு அதுவே போதும். "அப்ப என்ன தோணும்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காது கொடுக்கலாம். 'குடிகாரன்', 'குடிநோயாளி' என்ற வார்த்தைகளை நண்பர் வாயிலிருந்து எடுக்கவே தேவையில்லை. அந்தப் பட்டத்தை அவர் ஒத்துக்கொள்ளாமலேயே மாற முடியும்.

'மாலை போட்டா தொட மாட்டேன்'

அடுத்த முறை பேசும்போது சரவணன் தன் வலுவான வாதத்தை எடுப்பார். "நான் அடிமைன்னா ஒரு நாள் கூட இருக்க முடியாதுல்ல? வருசா வருசம் ஐயப்பனுக்கு மாலை போடறேன். 48 நாள் சொட்டு கூடத் தொடறதில்ல."

தமிழ்நாட்டில் மிக அதிகமாகக் கேட்கும் மறுப்பு அநேகமாக இதுதான். "அதெல்லாம் ஒரு கணக்கா?" என்று இதை மறுப்பது பெரிய தவறு. அவர் சொல்வது உண்மை. அது அவருடைய பலமும்கூட. அதே நேரம், இடையில் சில வாரங்கள் குடிக்காமல் இருப்பது பிரச்சினை இல்லை என்பதற்குச் சான்றாகாது. இந்த இரண்டாவது பாதியை நண்பர் சொல்ல வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

"ஆமாடா, நானும் பாத்திருக்கேன். அந்த 48 நாள் எப்படி இருந்துச்சு உனக்கு?"

"நல்லாதான் இருந்துச்சு. பசி எடுத்துச்சு. பாப்பாகூட கணக்குப் பாடம்லாம் ஒக்காந்து பாத்தேன்."

"மொத நாலு நாள்?"

"அது கொஞ்சம் கஷ்டம். வேர்த்துக் கொட்டுச்சு, தூக்கமே இல்ல, கை நடுக்கம். பச்சத் தண்ணில குளிக்கறதால உடம்புக்குச் சேரலன்னு நெனச்சேன்."

"மால கழட்டின அன்னைக்கு?"

சரவணன் சிரிப்பார். "அன்னைக்குச் சாயங்காலமே..."

இந்த நான்கு வரிகளில் இரண்டு பெரிய விஷயங்கள் வெளிவந்துவிட்டன. குடி இல்லாத வாழ்க்கை தனக்கு எப்படி இருந்தது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். பசி, மகள், கணக்குப் பாடம் ஆகிய மூன்றும் அவர் மாறுவதற்கான அவருடைய காரணங்கள். இன்னொன்று, முதல் நான்கு நாள் வேர்வையும் நடுக்கமும் மது நின்றதால் உடல் காட்டிய விலகல் அறிகுறிகளாக இருக்கலாம். இதை நண்பர் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் மிக முக்கியமாகத் தேவைப்படும்.

"பாப்பாகூட ஒக்காந்தது உனக்குப் புடிச்சிருந்துச்சுபோல" என்று அவர் சொன்னதையே திருப்பிச் சொல்லி நிறுத்திக்கொள்ளலாம். 'அப்ப விட்டுட வேண்டியதுதானே' என்று அடுத்த வரியைச் சேர்க்கும் ஆசை வரும். அதை அடக்குவதுதான் கடினம்.

விவரம் சொல்வதற்கு முன் அனுமதி

தகவல் சொல்லக் கூடாது என்பதல்ல. கேட்காமல் சொல்லும் தகவல் உபதேசமாகிவிடும். "ஒரு கணக்கு சொல்லட்டுமா? சரியா இருக்கான்னு நீயே சொல்லு" என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

கணக்கு இதுதான். ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. இங்கே விற்கும் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவற்றில் ஆல்கஹால் 42.8 சதவீதம். அப்படியானால் ஒரு குவார்ட்டரில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 60 கிராம். மருத்துவர்கள் ஒரு 'ட்ரிங்க்' என்று கணக்கிடுவது 10 கிராம். சரவணன் 'ஒண்ணே ஒண்ணு' என்று நினைக்கும் குவார்ட்டர், அவர்கள் கணக்கில் ஆறு. கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம்தான் வெளியேற்றும் என்பதால், இரவு 10 மணிக்குக் குடித்தது காலை 5 மணிக்கும் உடலில் மிச்சம் இருக்கலாம்.

சொல்லிவிட்டு, "இத கேட்டா உனக்கு என்ன தோணுது?" என்று நிறுத்துங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம். அவர் "சும்மா பயமுறுத்தாத" என்றாலும் பரவாயில்லை. கணக்கு உள்ளே போய்விட்டது.

யோசிக்கத் தொடங்கிவிட்டார் என்று எப்படித் தெரியும்?

பேச்சில் 'ஆனா' என்ற சொல் வரத் தொடங்கும். "குறைக்கணும்னுதான் இருக்கேன், ஆனா பட்டறை டென்ஷன்." முன்பு கேட்டதெல்லாம் மறுப்பு. இது இரண்டு மனம். இங்கே 'ஆனா'வுக்குப் பிறகு வருவதோடு சண்டை போடாமல், முன்னால் வருவதைக் கேட்க வேண்டும்: "குறைக்கணும்னு ஏன் தோணுச்சு?"

ஆலோசகர்கள் கையாளும் ஒரு கேள்வி இந்தக் கட்டத்தில் நண்பருக்கும் கைகொடுக்கும். "குடிய விடறது உனக்கு எவ்ளோ முக்கியம்? பத்துக்கு எவ்ளோ போடுவ?" சரவணன் "ஒரு நாலு" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்மில் பலரும் உடனே "ஏன் எட்டு இல்ல?" என்று கேட்போம். கேட்டால், ஏன் விட முடியாது என்பதற்கு நான்கு காரணம் வரும். மாற்றிக் கேளுங்கள்: "ஏன் ஒண்ணு இல்ல? நாலு போட்டியே, ஏன்?" இப்போது விடுவதற்கான காரணங்களை அவரே அடுக்க வேண்டியிருக்கும். "ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு சொன்னாங்க. பாப்பா இப்பல்லாம் ராத்திரி என்கிட்ட பேசறதில்ல." இதை நீங்கள் சொல்லியிருந்தால் குற்றச்சாட்டு. அவர் வாயிலிருந்து வரும்போது அது முடிவின் தொடக்கம்.

இந்தப் படியில் ஒருவர் மாதக்கணக்கில் நிற்கலாம். அவசரப்படுத்தினால் மீண்டும் முதல் படிக்குத்தான் போவார். அதுவரை நண்பர் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. நீங்களும் அவரோடு உட்கார்ந்து குடிப்பவர் என்றால், அதை நிறுத்துங்கள். பாட்டில் வாங்கக் காசு கொடுக்காதீர்கள். பட்டறைக்கு வரும் கஸ்டமரிடம் "அவருக்குக் காய்ச்சல்" என்று அவருக்காகப் பொய் சொல்லாதீர்கள். குடியின் விளைவை நாம் துடைத்துக்கொண்டே இருந்தால், அவர் யோசிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

தயாரானவரிடம் மட்டும் வழி சொல்லுங்கள்

"எங்க போனா பாப்பாங்க?" என்று அவரே கேட்கும் நாள் வரும். இப்போதுதான் டாக்டர் பெயர், போன் நம்பர் எல்லாம். அன்றைக்கே தயாராக இருங்கள், அந்த மனநிலை சில நாட்களில் மங்கிவிடும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். டெலி மானஸ் 14416, போதை மீட்பு உதவி எண் 14446 ஆகியவற்றில் போனிலேயே பேசலாம். சென்னையில் டாக்டர் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிநோய் சிகிச்சைக்கென்றே இயங்குகிறது.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. தினமும் குடிப்பவரை, குறிப்பாகக் காலையில் கை நடுங்குபவரை, "நாளையிலிருந்து ஒரேயடியா நிறுத்திடு" என்று சொல்லாதீர்கள். கடைசியாகக் குடித்த சில மணி நேரத்தில் நடுக்கமும் வேர்வையும் தொடங்கும். பொதுவாக முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாத குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, கடும் படபடப்பு எல்லாம் வரும். சிகிச்சை தராவிட்டால் உயிருக்கே ஆபத்து. முன்பு வலிப்பு வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். மாலை போட்ட முதல் நான்கு நாளைப் பற்றிச் சரவணன் சொன்னதை மருத்துவரிடம் அப்படியே சொல்ல வேண்டும். அதை வைத்துத்தான் வீட்டிலிருந்தே நிறுத்தலாமா, அட்மிட் ஆக வேண்டுமா என்று அவர் முடிவெடுப்பார்.

இன்னொன்று, நம் ஊரில் பரவலாக நடப்பது: அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் 'குடி மறக்கும் மருந்து' கலப்பது. அதில் டைசல்ஃபிராம் இருந்தால், அதன் மேல் மது உள்ளே போகும்போது முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு வந்து, ரத்த அழுத்தம் விழலாம், மரணம்கூட நேரலாம். அந்த மருந்தைத் தெரிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் சொல்லிச் சாப்பிட வேண்டும். ரகசியமாகக் கலப்பது, முதல் படியில் நிற்பவருக்கு நான்காம் படி மருந்தை ஊட்டுவது. உடலுக்கு ஆபத்து; தெரிந்துவிட்டால் வீட்டார் மேல் இருக்கும் நம்பிக்கையும் போய்விடும்.

சறுக்கினால்

மூன்று மாதம் கழித்து, உறவுக்காரர் கல்யாணத்தில் சரவணன் குடித்துவிடுகிறார். "எல்லாம் போச்சு" என்று வீடு சொல்லும். அவரும் அதையே நம்பி அடுத்த நாளும் குடிப்பார். நண்பர் சொல்ல வேண்டியது வேறு: "தொண்ணூறு நாள் இருந்தல்ல? அன்னைக்கு மட்டும் என்ன ஆச்சு?" கல்யாணம், பழைய கூட்டம், இலவசமாக ஓடிய பாட்டில் என்று காரணத்தை அவரே கண்டுபிடித்தால், அடுத்த கல்யாணத்துக்கு என்ன செய்வது என்றும் யோசிப்பார். சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிடுவதா, பிரபுவையும் கூட்டிப்போவதா என்று.

எங்கே பொறுமை கூடாது

இந்தப் படிப்படியான பேச்சுக்கு எல்லை உண்டு. வீட்டில் அடிக்கிறார் என்றால் அவர் எந்தப் படியில் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. மனைவி, பிள்ளைகளின் பாதுகாப்புதான் முதலில். பெண்கள் உதவி எண் 181. குடித்துவிட்டு வண்டியை எடுத்தால், நட்பு கெட்டாலும் சாவியைப் பிடுங்க வேண்டும். "செத்துடலாம்போல இருக்கு" என்று சொன்னால் அது போதைப் பேச்சு என்று தள்ளிவிடாமல் அன்றைக்கே உதவி தேட வேண்டும். வலிப்பு, ரத்த வாந்தி, குழப்பம் என்றால் 108.

மற்ற நாட்களில் நண்பருக்கு ஒரு வசதி இருக்கிறது. மனைவிக்கும் அம்மாவுக்கும் அந்தக் குடியால் பட்ட காயம் இருக்கிறது. அவர்கள் கோபமில்லாமல் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நண்பரால் அது முடியும். சத்தியம் வாங்காமல், முடிவு சொல்லாமல், ஒரு டீயில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க அவரால்தான் முடியும். பேச்சு முடியும்போது சரவணன் இன்னும் குடித்துக்கொண்டுதான் இருப்பார். ஆனால், நேற்றுவரை 'எனக்கென்ன' என்று சொன்னவர் இன்று 'ஆனா' என்று சொல்லியிருந்தால், பிரபு தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறார்.